மீதி வந்தா எழுப்புங்க

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு நாற்பதுக்கு செபாஸ்டின் தக்காளித் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊதிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. யாராவது காலை வணக்கத்தைச் சாயங்காலம் அனுப்பியிருப்பார்கள் என்று முதலில் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. குழாயை ஊதி முடித்து, கையை வேட்டியில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிளசி. அவருடைய ஒரே மகள். நாலு வருஷமாக அவர் போனில் அவளுக்கென்று இருந்தது அந்தப் பேர் மட்டும்தான். பேருக்குக் கீழே ஒரு வரி கிடையாது. புதுப் போன் வாங்கியபோது கடைக்காரர் பழைய நம்பர்களையெல்லாம் ஏற்றிக் கொடுத்தார். இந்த நம்பரும் கூடவே வந்தது. அதை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. கூப்பிடவும் வரவில்லை.

செய்தி இவ்வளவுதான்: "அப்பா, நான் பிளசி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படாம முழுசாப் படிங்க. நீங்க"

அதற்கு மேல் இல்லை. 'நீங்க' என்பதோடு நின்றுவிட்டது. புள்ளியும் இல்லை, கமாவும் இல்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மேலே அவள் பேருக்கு அடியில் 'டைப் செய்கிறார்' என்று சின்ன எழுத்தில் வந்தது. அது கொஞ்ச நேரம் நின்றது, மறைந்தது, மறுபடி வந்தது. மீதியை எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்துகொண்டார். சரி, எழுதட்டும். போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, திரை மங்கும்போதெல்லாம் பெருவிரலால் தொட்டு அணையாமல் பார்த்துக்கொண்டார். சொட்டுநீர்க் குழாய் ஒருபக்கம் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் அப்படியே போனது. பிறகு அந்த எழுத்து மறைந்தது. மறுபடி வரவில்லை. சற்று நேரத்தில் அந்த இடத்தில் 'கடைசியாகப் பார்த்தது இன்று 4:53' என்று வந்து நின்றது.

மகள் எழுந்து போய்விட்டாள். மீதி வரவில்லை.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்த மனிதருக்கு நாலு வருஷமாக நெஞ்சில் ஒரு முள் இருந்தது, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

செபாஸ்டின் பங்குக் கோயில் சபையில் உறுப்பினர். வரப்புத் தகராறு, அண்ணன் தம்பி பாகம் என்று யார் வந்தாலும் அவரை நடுவில் உட்கார வைப்பார்கள். "பேசறவன் பேசி முடிக்கட்டும், அப்புறம் நான் வாயத் தொறக்கறேன்" என்பார். அதனால்தான் அவர் சொல்லுக்கு ஒரு மரியாதை. அப்படிப்பட்டவர், பெற்ற மகள் வந்து முன்னால் நின்று, "அப்பா, நவநீதன்னு ஒருத்தர், ஏரியூர்க்காரரு, நம்ம மதம் இல்லதான், ஆனா நீங்க" என்று ஆரம்பித்தபோது, "நிறுத்து" என்றார். அவள் மறுபடி "நீங்க ஒரு தடவ" என்றாள். "நிறுத்துடி" என்று எழுந்தார். ஊருக்கெல்லாம் காது கொடுத்த மனிதர் சொந்த மகளுக்கு ஒரு வாக்கியம் முழுசாகக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அவள் போய்விட்டாள். ஓசூரில் கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டார்.

அவள் அன்று என்ன சொல்ல வந்தாள்? கோபம் ஆறிய பிறகு இந்தக் கேள்விதான் அவரைத் தின்றது. மருந்தடிக்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதும், பூசையில் மண்டியிடும்போதும் இதே நினைப்புதான். பேச விட்டிருக்கலாம். பேச விட்ட பிறகு முடியாது என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

இப்போது அதே 'நீங்க'. அதே இடத்தில் நின்றிருக்கிறது. இந்தத் தடவை குறுக்கே விழமாட்டேன் என்று வரப்பில் உட்கார்ந்தபடியே தீர்மானம் செய்துகொண்டார். அவள் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தார். நீங்க ஏன் அப்படிச் செஞ்சீங்க, நீங்க அப்பனா என்று கேட்கப்போகிறாள். கேட்கட்டும், கேட்க வேண்டியவள்தான். முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கக்கூடாது.

அன்பில்தான் அப்படி நினைத்தார். வீம்பு என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

வீட்டில் அவர் மனைவி ரோசம்மா கட்டிலில் கிடந்தாள். இருதயம் பலவீனம், நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்துவிட்டு, "வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லாப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று செபாஸ்டினுக்கும் தெரியும், பக்கத்து வீட்டில் இருக்கும் அவர் தங்கை தெரசாவுக்கும் தெரியும். ரோசம்மாவுக்கு எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது. மகள் பேரை அவள் எடுக்கவே மாட்டாள். தினமும் ஒருமுறை மட்டும், "போன் ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேட்பாள். யார் போன் என்று அவளும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

அன்று ராத்திரியும் கேட்டாள். "இல்ல" என்றார். பாதிச் செய்தியைக் காட்டி அவளைத் தவிக்கவிட வேண்டாம், மீதியும் வந்த பிறகு சேர்த்துச் சொல்லலாம் என்று நினைத்தார்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக மாரண்டஹள்ளிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் முனிராஜின் செல்போன் கடை. அந்தப் போனை விற்றவரும் அவர்தான். கடை திறந்து ஊதுவத்திகூட ஏற்றவில்லை, செபாஸ்டின் போனை நீட்டினார்.

"ஒரு மெசேஜ் பாதிதான் வந்திருக்குது. மீதி எங்கியாச்சும் மாட்டிக்கிச்சான்னு பாருங்க."

முனிராஜ் வாங்கிப் பார்த்தார். யாருடைய செய்தி என்று பேரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். ஆனால் அதைப்பற்றி ஒன்றும் கேட்காத நாகரிகம் அவருக்கு இருந்தது.

"மாட்றதெல்லாம் கிடையாதுங்க. மெசேஜ்னா முழுசா வரும், இல்லன்னா வரவே வராது. நடுவுல அறுந்து வராது. அவங்க இவ்வளவுதான் அனுப்பியிருக்காங்க."

"வாக்கியம் முடியலையே."

"கை தவறிப் போயிருக்கும். போன்ல எண்டர் தட்டுனா அடுத்த வரிக்குத்தான் போகும், அனுப்பறதுக்குத் தனியா அம்புக்குறி இருக்குது. கம்ப்யூட்டர்ல அப்படி இல்லைங்க. எண்டர் தட்டுனா அந்த நிமிஷமே போயிடும். அடுத்த வரி வேணும்னா இன்னொரு கட்டையச் சேத்து அமுக்கணும். ஆபீஸ்ல உக்காந்து அடிக்கறவங்க பலபேருக்கு இப்படி ஆவும். பாதி போயிடும், பின்னாடியே மீதிய அனுப்புவாங்க."

"பின்னாடி வரலையே. டைப் பண்ணிக்கிட்டேதான் இருந்துச்சு. பத்து நிமிஷம்."

"அப்ப அழிச்சிட்டாங்களோ என்னவோ. இல்ல, யாராச்சும் கூப்பிட்டுருப்பாங்க." முனிராஜ் போனைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வுடுங்க. என்னான்னு கேட்ட மாதிரி இருக்கும், அவங்களே மீதிய அனுப்பிடுவாங்க. நான் போட்டுத் தரட்டுங்களா?"

செபாஸ்டின் யோசித்தார். மகள் பேச்சின் வாலில் ஒரு கேள்விக்குறி. அது நிறுத்து என்பதைப்போல அவருக்குப் பட்டது. "வேணாம். அவளே முடிக்கட்டும்" என்றார்.

"உங்க இஷ்டங்க. ஆனா நீங்க படிச்சது அவங்களுக்குத் தெரியும். நீங்க தொறந்து பாத்தவுடனே அவங்க பக்கத்துல ரெண்டு டிக்கும் நீலமாயிடும்."

இதைக் கேட்டதும் செபாஸ்டினுக்கு மனசு லேசானது. அப்படியானால் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அப்பா இந்தத் தடவை குறுக்கே பேசாமல் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்துகொள்வாள். தெம்பாக வீட்டுக்குத் திரும்பினார். பாவம் அந்த மனிதர், பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டுகூட வந்தார்.

சாயங்காலம் வரை மீதி வரவில்லை. ரோசம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தார். அவள் கண்டுபிடித்துவிட்டாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் எதை மறைக்க முடியும்?

"யாருங்க?"

இனி மறைக்க அவருக்குத் தைரியம் இல்லை. "பிளசி."

கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் ஒதுக்கினாள். எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "என்னா சொல்லுச்சு?"

"சொல்லிக்கிட்டு இருக்குது. இன்னும் முடிக்கல."

"இருக்கறதப் படிங்க."

படித்தார். மறுபடி படிக்கச் சொன்னாள், படித்தார். மூன்றாவது தடவை அவள் போனைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்து காதோரம் இறங்கியது.

"ஏங்க, நீங்களே ஒரு போன் போடுங்களேன்."

"ரோசா, அன்னிக்கு அந்தப் புள்ளய நான் பேசவே வுடல. உனக்குத் தெரியுமில்ல? முழுசாப் படிங்கன்னு கேட்டிருக்குது. இந்தத் தடவயாச்சும் அது சொல்லி முடிக்கட்டும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம். வரலன்னா நானே கூப்பிடறேன்."

ரோசம்மா அவரையே பார்த்தாள். நாலு வருஷமாக அவர் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனசுக்குள் இவ்வளவு வைத்திருந்தாரா என்று நினைத்தாளோ என்னவோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க. நான் கொஞ்சம் தூங்கறேன். மீதி வந்தா எழுப்புங்க."

"எழுப்பறேன்."

"மறந்துடாதீங்க. எந்நேரமா இருந்தாலும் எழுப்புங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணிப் பூசைக்கு மணியடித்துக்கொண்டிருந்தபோது ரோசம்மாவின் மூச்சு நின்றது. தெரசாதான் முதலில் பார்த்தாள். செபாஸ்டின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தூங்குகிறாள் என்று சத்தம்கூட எழுப்பாமல் இருந்தார்.

தெரசா கதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஆட்கள் சேர்ந்தார்கள். அவர் மட்டும் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய், மகளின் நம்பரை அழுத்தினார். நாலு வருஷம் அழுத்தாத நம்பர். மத்தியானம் வரை பார்ப்போம் என்று சொன்னாரே, மத்தியானம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரே மணியில் எடுத்துவிட்டாள். "அப்பா?"

அம்மா போயிட்டா என்று சொல்லத்தான் கூப்பிட்டார். வாயில் வந்தது, "வந்துடு பாப்பா" என்பதுதான்.

அந்தப் பக்கம் ஒரு விம்மல். உடனே ஒரு சிரிப்பு. "வர்றேம்ப்பா! இதோ கிளம்பிட்டேன். பையெல்லாம் நேத்தே கட்டி வெச்சிட்டேம்ப்பா. நீங்க கூப்பிட மாட்டீங்கன்னே நெனச்சேன். அம்மாகிட்டச் சொல்லுங்க, நான் வர்றேன்னு சொல்லுங்கப்பா."

செபாஸ்டின் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தை உடைக்க அவருக்கு நாக்கு எழவில்லை. ரெண்டு மணி நேரப் பஸ்ஸில் அவள் தனியாக அழுதுகொண்டு வரவேண்டாம் என்றும் தோன்றியது.

"சொல்றேன்" என்றார்.

ராயக்கோட்டை வழியாக வந்த பஸ்ஸிலிருந்து பிளசி இறங்கும்போது பதினோரு மணி. கூட அவள் புருஷன் நவநீதன், கையில் துணிப்பை. பையில் சாத்துக்குடியும், அம்மாவுக்குப் பிடித்த ரஸ்க்கும், குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் இருந்தன. தெருமுனை திரும்பியதும் பந்தலைப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தவர்கள் அவளைக் கண்டதும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பை நவநீதன் கையிலிருந்து நழுவி, சாத்துக்குடிகள் தெருவில் உருண்டன. அவற்றை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த அழுகையை நான் எழுதப்போவதில்லை. பெற்றவளை நாலு வருஷம் கழித்து அப்படிப் பார்ப்பவர்கள் எப்படி அழுவார்களோ அப்படித்தான் அழுதாள்.

அடக்கம் மறுநாள் காலை என்று முடிவானது. மத்தியானம் கூட்டம் சற்றுக் குறைந்திருந்தபோது, பிளசி எழுந்து, பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நான் கேட்டேனேப்பா. வெள்ளிக்கிழமையே கேட்டேனே. நீங்க படிச்சீங்க. படிச்சிட்டு ஒரு வார்த்த போடலையே. நேத்து முழுக்க பையக் கட்டி வெச்சிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தேனே. நேத்து வந்திருந்தா எங்கம்மாவ உசுரோட பாத்திருப்பேனே."

"நீ எங்க பாப்பா கேட்ட?" என்றார் செபாஸ்டின். "நீ முடிக்கவே இல்லையே."

"என்னா முடிக்கல?"

அவர் தன் போனைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கினாள். அந்த மூன்று சின்ன வாக்கியங்கள், கடைசியில் 'நீங்க'. அதற்குக் கீழே வெற்றிடம். பார்த்துக்கொண்டே நின்றவள், தன் போனை எடுத்து அப்பாவின் பேரைத் தொட்டாள். அங்கேயும் அதேதான் இருந்தது. நீலமான இரண்டு டிக்குகள், 'நீங்க', அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"நான் தொறந்தே பாக்கலப்பா" என்றாள், குரலே இல்லாமல். "வெளியில இருந்து பாத்தா மெசேஜோட ஆரம்பம் மட்டுந்தான் தெரியும். 'அப்பா, நான் பிளசி'ன்னு இருந்துச்சு. பக்கத்துல நீலம். பதில் வந்தா மேல வந்து நிக்குமில்ல, அதனால நான் உள்ள போயிப் பாக்கவே இல்ல. பயமா இருந்துச்சு."

பிறகு நடந்ததை நினைவுபடுத்திச் சொன்னாள். ஓசூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு டைப்பிங் வேலை. வெள்ளிக்கிழமை எல்லோரும் கிளம்பும் நேரத்தில், முந்தின நாளே தாளில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்தாள். கண் தாளில் இருக்கும், கை விசைப்பலகையில் ஓடும், அது டைப்பிங் படித்தவர்களின் பழக்கம். திரையை அவள் பார்க்கவில்லை. அவள் வைத்திருந்தது ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றிக் காட்டும் முறை. ஒவ்வொரு சொல்லும் அடிக்கோட்டோடு நிற்கும். ஸ்பேஸ் தட்டினாலோ எண்டர் தட்டினாலோ அந்தச் சொல் தமிழாகி உட்காரும். சொல் நின்றுகொண்டிருக்கும்போது எண்டர் தட்டினால் சொல்லை ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான், செய்தி போகாது. சொல் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட பிறகு எண்டர் தட்டினால், செய்தி போய்விடும்.

"'நீங்க' அடிச்சிட்டு ஸ்பேஸ் தட்டியிருக்கேன். கையோட பழக்கத்துல எண்டரும் தட்டியிருக்கேன். அப்ப போயிருக்குது. நான் பாக்காம மீதிய அடிச்சிட்டே இருந்திருக்கேன். முடிச்சிட்டு அனுப்பறதுக்குன்னு எண்டர் தட்டினேன் பாருங்க, அது..." முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "அது கடைசிச் சொல்ல மட்டும் உக்கார வெச்சிருக்குதுப்பா. அனுப்பவே இல்ல. தட்டின கையோட மானிட்டர அணைச்சிட்டேன். போனதப் பாக்கறதுக்குக் கூடத் தெம்பு இல்ல எனக்கு. தாளயும் கிழிச்சிப் போட்டுட்டேன்."

போகக்கூடாத எண்டரில் போயிற்று, போகவேண்டிய எண்டரில் நின்றுவிட்டது. இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? எனக்கு அந்த எண்டர் கட்டையைப் பிடுங்கி எறியவேண்டும்போலிருக்கிறது. ஆனால் அந்த அப்பாவும் மகளும் அதைக்கூடச் செய்யவில்லை. இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் பதில் போடாதது..." என்று ஆரம்பித்து, செபாஸ்டின் நிறுத்தினார். "நீ முடிக்கட்டும்னுதான் பாப்பா. அன்னிக்குத்தான் உன்னய முடிக்க வுடல."

பிளசி அப்படியே தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவினார். நவநீதன் தள்ளி நின்றிருந்தார். செபாஸ்டின் அவரைப் பார்த்து, "உக்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். அவ்வளவுதான் அன்று அவரால் முடிந்தது.

திங்கட்கிழமை அடக்கம் முடிந்தது. பங்குச் சாமியார் செபம் சொல்லி மந்திரித்து, மண் போட்டு, பூ போட்டு, எல்லோரும் வீடு திரும்பினார்கள். சாயங்காலம் செபாஸ்டின் கேட்டார்: "மீதி இப்ப எங்க இருக்குது?"

"அங்கேயேதாம்ப்பா. கம்ப்யூட்டர நான் அணைக்கல, மானிட்டரத்தான் அணைச்சேன். எழுதற பெட்டிக்குள்ளயே நின்னுக்கிட்டு இருக்கும். போன்ல தெரியாது. எந்த மெஷின்ல அடிச்சமோ அதுலதான் கிடக்கும்."

"வேற யாராச்சும் அத அழிச்சிடுவாங்களா?"

"என்னோட மெஷின்ப்பா. யாரும் தொட மாட்டாங்க."

"அப்ப நாளைக்குப் போயி அத அனுப்பிட்டு வா."

"எதுக்குப்பா இனிமே? என்னா எழுதினேன்னு நானே சொல்லிடறேன்."

"வேணாம். வாயால சொல்லாத. நீ எப்படி எழுதினியோ அப்படியே வரட்டும். ஒரு எழுத்து மாத்தாத."

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவளும் நவநீதனும் ஓசூர் போனார்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு சாயங்காலமே திரும்பிவிடுவதாகச் சொன்னாள். செபாஸ்டின் ஒன்பது மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். புது மண்மேட்டின் மேல் மாலைகள் வாடிக்கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை 'டைப் செய்கிறார்' என்று ஒன்றும் வரவில்லை. அடிக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லையே. ஒன்பது இருபதுக்கு மீதி வந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ரோசா" என்றார். "மீதி வந்துடுச்சு." பிறகு சத்தமாகப் படித்தார்.

"என்னய மன்னிக்கணும்னு நான் கேக்கலப்பா. அம்மாவுக்கு ரொம்ப முடியலன்னு நம்மூர்க்காரங்க ஒருத்தங்க பஸ்ல பாத்துச் சொன்னாங்க. ஒரே ஒரு தடவ அம்மாவப் பாக்கணும். நீங்க வூட்டுல இல்லாத நேரமா வந்துட்டுப் போயிடறேன், உங்க கண்ணுல பட மாட்டேன். வாசல்ல நின்னு பாத்தாக்கூடப் போதும். வரலாம்னா 'வா'ன்னு ஒரே ஒரு எழுத்து போடுங்க. சனிக்கிழமை காலைலயே கிளம்பி வந்துடுவேன். வேணாம்னா பதில் போடாதீங்க. நீங்க பேசலன்னா வேணாம்னு அர்த்தம்னு எனக்குத் தெரியும்ப்பா. நான் கோவிச்சுக்க மாட்டேன். அம்மாகிட்ட மட்டும் நான் கேட்டதாச் சொல்லிடுங்க. பையக் கட்டி வெச்சிட்டுக் காத்திருப்பேன்"

கடைசி வரியை அவரால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார். ரோசம்மா எதையும் இரண்டு தடவை படிக்கச் சொல்வாள்.

செபாஸ்டின் போனில் எழுதிப் பழக்கமில்லாதவர். யாருக்காவது ஏதாவது சொல்லவேண்டும் என்றால் கூப்பிட்டுப் பேசிவிடுவார். இப்போது விரலால் தேடினார். 'வ' கிடைத்தது. அதற்குப் பக்கத்தில் போடும் கால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. போட்டார். வா. ஓசூரில் அவள் திரையில் 'டைப் செய்கிறார்' என்று வந்து வந்து மறைந்திருக்கும். அவளும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

எழுத்து சரியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, அம்புக்குறியை அழுத்தினார். உடனே இரண்டு டிக்குகளும் நீலமாயின. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாடிய மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார்.